கோட்டா வாங்கியவர் ஒருவர், போகிறவர் இன்னொருவர்: ஒலிம்பிக் தகுதி எப்படி முடிவாகிறது?

கேள்வி: தகுதிச் சுற்றில் ஜெயித்தவரே ஒலிம்பிக்குக்குப் போவார் என்று உறுதியில்லையாமே? தரவரிசையில் பின்னால் இருப்பவர் போய்விடுகிறார், முன்னால் இருப்பவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். தகுதி இலக்கு, கண்டங்களுக்கான கோட்டா இதெல்லாம் எப்படி வேலை செய்கிறது? கடைசியில் முடிவு செய்வது யார்?

பதில்:

முதலில் இடங்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிடுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. 2024 பாரிஸ் போட்டிக்கு மொத்தம் 10,500 வீரர்கள் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி வரம்பு போட்டது. அதில் தடகளத்துக்கு 1,810, மல்யுத்தத்துக்கு 288. ஒவ்வொரு விளையாட்டின் சர்வதேச அமைப்பும் தனக்குக் கிடைத்த எண்ணிக்கையை எப்படிப் பங்கிடுவது என்று ஒரு தகுதி விதிமுறையை எழுதி, ஒலிம்பிக் கமிட்டியின் ஒப்புதலைப் பெறும். ஆகவே ஒலிம்பிக் தகுதிக்கு ஒரே முறை என்று எதுவும் கிடையாது. தடகளத்தின் விதியை வைத்து மல்யுத்தத்தைப் புரிந்துகொள்ளப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

கண்டக் கோட்டா எப்படி ஓடுகிறது என்பதற்கு மல்யுத்தத்தைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. கணக்கு கச்சிதமாக இருக்கும். மொத்தம் 18 எடைப் பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 16 பேர். பெருக்கினால் 288. ஒரு எடைப் பிரிவில் ஒரு நாட்டுக்கு ஒரே ஓர் இடம்தான். இந்த 16 இடங்களும் மூன்று படிகளில் நிரம்பின.

முதல் படி, 2023 செப்டம்பரில் பெல்கிரேடில் நடந்த உலக சாம்பியன்ஷிப். அங்கே ஒவ்வொரு எடையிலும் ஐந்து இடங்கள். தங்கம், வெள்ளி, இரண்டு வெண்கலம் என்று நான்கு பேர் நேராக உள்ளே வந்தார்கள். ஐந்தாவது இடத்துக்கு, வெண்கலப் போட்டியில் தோற்ற இருவரும் மோதினார்கள். பதக்கம் எதுவும் இல்லாத அந்த மோதல்தான் சிலருக்கு அந்த வருடத்தின் மிகப் பெரிய ஆட்டமாக அமைந்தது.

இரண்டாவது படிதான் கண்டங்களுக்கானது. ஆசியா, ஐரோப்பா, அமெரிக்கக் கண்டங்கள், ஆப்பிரிக்காவும் ஓசியானியாவும் சேர்ந்த ஒரு தொகுதி என நான்கு தகுதிச் சுற்றுகள். ஒவ்வொன்றிலும் எடைக்கு இரண்டு இடங்கள், ஆக எட்டு. மூன்றாவது படி, 2024 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த உலகத் தகுதிச் சுற்று. அங்கே மூன்று இடங்கள்: இறுதிக்கு வந்த இருவர், கூடவே வெண்கலம் வென்ற இருவருக்குள் நடந்த மோதலில் ஜெயித்தவர். ஐந்தும் எட்டும் மூன்றும் சேர்ந்தால் பதினாறு.

இரண்டாவது படியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஆசியச் சுற்று 2024 ஏப்ரலில் பிஷ்கெக் நகரில் நடந்தது. இரண்டே இடங்கள் என்பதால், இறுதிக்குள் நுழையும் இருவருக்கும் கோட்டா. அரையிறுதியில் தோற்றவருக்கு எதுவும் இல்லை. அதாவது உண்மையான இறுதிப் போட்டியே அரையிறுதிதான். இதனால் குலுக்கலின் எடை மிகவும் கூடிவிடுகிறது. அந்த எடையில் மிகப் பலமான இருவர் அட்டவணையின் ஒரே பாதியில் விழுந்தால் அவர்களில் ஒருவர் இறுதிக்கு முன்பே வெளியேறுவார். எதிர்ப் பாதியில் மூன்றாவது, நான்காவது பலத்தில் இருக்கும் ஒருவர் கோட்டா வாங்கிக்கொண்டு போவார்.

இன்னொரு கேள்வி அடிக்கடி வரும். ஜப்பான், மங்கோலியா, கஜகஸ்தான், சீனா, இந்தியா, கிர்கிஸ்தான் எல்லாம் மோதும் ஆசியாவுக்கும் இரண்டு இடம், ஆப்பிரிக்காவும் ஓசியானியாவும் சேர்ந்த தொகுதிக்கும் இரண்டு இடம் என்றால் இது என்ன நியாயம்? கண்டக் கோட்டாவின் நோக்கம் உலகின் சிறந்த 16 பேரைத் திரட்டுவது அல்ல. எல்லாக் கண்டங்களும் களத்தில் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். சிறந்தவர்களைத் தேடும் வேலை முதல் படிக்கும் மூன்றாம் படிக்கும் விடப்பட்டிருக்கிறது. அந்த ஏற்பாட்டில் ஒரு சமநிலையும் ஒளிந்திருக்கிறது. உலக சாம்பியன்ஷிப்பிலேயே இடம் வாங்கிவிட்ட நாடு, அந்த எடையில் கண்டச் சுற்றுக்கு வரவே முடியாது. ஓர் எடையில் பெல்கிரேடில் மூன்று ஆசிய நாடுகள் இடம் வாங்கியிருந்தால், பிஷ்கெக்கில் அந்த மூன்று மலைகளும் இல்லை. ஆகவே கண்டச் சுற்றின் கடினம் எடைக்கு எடை மாறும். ஒரு வீரருக்கு வாய்ப்பு எப்படி என்று பார்க்க, அவருடைய எடையில் எந்தெந்த நாடுகள் ஏற்கெனவே உள்ளே போய்விட்டன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தரவரிசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருவோம். மல்யுத்தத்தில் கோட்டாவைச் சம்பாதிப்பவர் வீரர், ஆனால் அதன் சொந்தக்காரர் நாடு. இன்னும் சரியாகச் சொன்னால் அந்த நாட்டின் தேசிய ஒலிம்பிக் கமிட்டி. கோட்டா ஒட்டியிருப்பது எடைப் பிரிவோடு, ஆளோடு அல்ல. நாடு விரும்பினால் உள்ளூர்த் தேர்வு வைத்து அதே எடையில் வேறொருவரை அனுப்பலாம். ஆனால் 53 கிலோவில் வாங்கிய கோட்டாவை 50 கிலோவுக்கு மாற்ற முடியாது.

இதன் விளைவை இந்தியப் பெண்கள் அணியில் எல்லோரும் பார்த்தோம். பெல்கிரேடில் 53 கிலோவில் அந்திம் பங்கால் வெண்கலம் வென்றார். இந்தியாவின் 53 கிலோ கோட்டா அந்த நிமிடமே வந்துவிட்டது. வினேஷ் போகத்தும் அதே 53 கிலோவில் ஆடி வந்தவர். நாட்டுக்கு ஓர் இடம்தான் என்பதால், அந்த எடையில் அவர் இனி எந்தத் தகுதிச் சுற்றுக்கும் போக வழியில்லை. ஒன்று, 53 கிலோவுக்கு உள்நாட்டுத் தேர்வு நடந்து அதில் அவர் ஜெயிக்க வேண்டும். இல்லையென்றால் எடையை மாற்ற வேண்டும். அவர் 50 கிலோவுக்கு இறங்கினார், பிஷ்கெக்கில் அரையிறுதியை வென்று அந்த எடையில் இந்தியாவுக்குக் கோட்டா வாங்கினார். பாரிஸில் இறுதிக்கு முன்னேறிய பிறகு, இரண்டாம் நாள் காலை எடை பார்த்தபோது 100 கிராம் கூடுதலாக இருந்து தகுதி நீக்கம் ஆனதை எல்லோரும் எடைக் குறைப்பின் கதையாகத்தான் பேசினார்கள். கோட்டா விதியின் கதையும் அதற்குள் இருக்கிறது. மேலே இருந்த எடையில் கதவு மூடியிருந்ததால்தான் கீழே இருந்த எடைக்கு அவர் இறங்க வேண்டியிருந்தது.

எடை பார்ப்பு என்றதும் இன்னொன்று. பிஷ்கெக் சுற்றுக்கு வந்துகொண்டிருந்த தீபக் பூனியாவும் சுஜீத் கல்கலும் அந்த வாரம் துபாயில் கொட்டிய பெருமழையில் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டார்கள். பிஷ்கெக் போய்ச் சேர்வதற்குள் எடை பார்க்கும் நேரம் முடிந்திருந்தது. அனுமதி கிடைக்கவில்லை. கண்டச் சுற்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறை, ஓர் எடைக்கு ஒரு நாள். அந்த நாளில் தராசில் ஏறாதவருக்கு மாற்றுத் தேதி என்று ஒன்று கிடையாது. அவர்களுக்கு மிச்சம் இருந்தது மூன்று இடங்களே உள்ள இஸ்தான்புல் மட்டும். அங்கே உலகம் முழுவதிலும் இருந்து, இன்னும் இடம் கிடைக்காத எல்லா நாடுகளும் வந்து நிற்கும்.

குழு விளையாட்டில் கண்டத்தின் பங்கு இன்னும் முரட்டுத்தனமாகத் தெரியும். பாரிஸ் ஹாக்கியில் 12 அணிகள்: போட்டியை நடத்தும் நாடு ஒன்று, ஐந்து கண்டங்களின் வெற்றியாளர்கள், தகுதிச் சுற்றுகளிலிருந்து ஆறு அணிகள். ஆசியாவின் இடம் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் முடிவானது. இந்திய ஆண்கள் தங்கம் வென்று நேராகப் போனார்கள். பெண்களில் சீனா வென்றது. இந்தியப் பெண்கள் 2024 ஜனவரியில் ராஞ்சியில் நடந்த தகுதிச் சுற்றுக்குப் போய், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானிடம் 0-1 என்று தோற்று வெளியேறினார்கள். அதே நேரம் ஓசியானியாவின் இடத்துக்குப் போட்டியிட்டவை ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகிய இரண்டே அணிகள். ஆஸ்திரேலியாவின் தரத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் பாதை எவ்வளவு குட்டையானது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தடகளத்துக்கு வந்தால் கதை தலைகீழ். பாரிஸுக்கான தடகள விதியில், இத்தனை இடம் ஆசியாவுக்கு, இத்தனை ஆப்பிரிக்காவுக்கு என்ற பிரிவினை இல்லை. இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று தகுதி இலக்கு, மற்றது உலகத் தரவரிசை. ஏறத்தாழ பாதிப் பேர் இலக்கு வழியாகவும் பாதிப் பேர் தரவரிசை வழியாகவும் வர வேண்டும் என்று திட்டமிட்டே இலக்கை மிகக் கடினமாக வைத்தார்கள். ஆண்கள் 100 மீட்டருக்கு 10.00 விநாடி, ஈட்டி எறிதலுக்கு 85.50 மீட்டர், பெண்கள் 100 மீட்டருக்கு 11.07. ஒரு போட்டிப் பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் மூன்று பேர்.

இலக்கு என்பது ஒரு கோடு. தாண்டினால் உண்டு, இல்லையென்றால் இல்லை; நடுவில் எதுவும் கிடையாது. 100 மீட்டரில் கேமரா ஆயிரத்தில் ஒரு பங்கு வரை படிக்கும், அதை நூறில் ஒரு பங்குக்கு மேல்நோக்கியே முழுமையாக்குவார்கள். 9.991 என்று ஓடியவருக்கு 10.00 என்று பதிவாகும், இலக்கு கிடைத்துவிடும். 10.001 ஓடியவருக்கு 10.01, கிடைக்காது. பின்காற்று விநாடிக்கு 2.0 மீட்டர் வரைதான் அனுமதி, 2.1 என்று காட்டினால் 9.90 ஓடினாலும் இலக்குக் கணக்கில் சேராது. கைக்கடிகார நேரம் செல்லாது. ஓடிய தேதியும் வரம்புக்குள் இருக்க வேண்டும்: பெரும்பாலான பிரிவுகளுக்கு 2023 ஜூலை 1 முதல் 2024 ஜூன் 30 வரை. மராத்தான், 10,000 மீட்டர், வேக நடை போன்றவற்றில் அடிக்கடி போட்டியிட முடியாது என்பதால் அவற்றுக்கு வாசல் அதற்கு முன்பே திறந்தது. ஜூன் 29, 2023 அன்று வாழ்நாள் சாதனை படைத்த ஈட்டி வீரருக்கு அந்தச் சாதனையால் எந்தப் பயனும் இல்லை.

இலக்கின் பெரிய வசதி, ஒரு முறை போதும் என்பது. பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 2023 ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் 87.82 மீட்டர் எறிந்து வெள்ளி வென்றார். அது இலக்கைத் தாண்டிய தூரம். அடுத்து வந்த ஆசிய விளையாட்டிலிருந்து காயத்தால் விலகினார். தரவரிசை வாசலை நம்பியிருந்தால் அவர் கவலைப்பட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அதற்கு ஐந்து போட்டிகளின் முடிவுகள் தேவை. கையில் இலக்கு இருந்ததால் அமைதியாக உடம்பைத் தேற்றிக்கொள்ள முடிந்தது. பாரிஸில் அவர் 92.97 எறிந்து தங்கம் வாங்கியதைச் சொல்லத் தேவையில்லை.

தரவரிசை வாசல்தான் பலருக்கும் புரியாதது. ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு வீரருக்கு இரண்டு மதிப்பெண்கள் கூட்டப்படுகின்றன. நேரத்துக்கோ தூரத்துக்கோ அட்டவணைப்படி கிடைப்பது ஒன்று. அந்தப் போட்டியில் எத்தனையாவது வந்தார் என்பதற்குக் கிடைப்பது இன்னொன்று. இரண்டாவது மதிப்பெண் போட்டியின் வகையைப் பொறுத்தது. ஓட்டம், எறிதல், தாண்டுதல் பிரிவுகளில் பெரும்பாலும் சிறந்த ஐந்து போட்டிகளின் சராசரி. மராத்தானுக்கு இரண்டு போதும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு வீரர் எறிந்த தூரத்துக்கு அட்டவணையில் 1,100 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மிகக் கீழ் வகையான எஃப் வகைப் போட்டியில் அதை எறிந்து முதலிடம் பிடித்தால் கூடுதலாக 15 புள்ளி, மொத்தம் 1,115. அதே தூரத்தைத் தன் நாட்டின் தேசிய சாம்பியன்ஷிப்பில் எறிந்து வென்றால், அது பி வகை என்பதால் 100 புள்ளி, மொத்தம் 1,200. ஆசிய சாம்பியன்ஷிப் போன்ற கண்டப் போட்டியில் வென்றால் அதைவிடவும் அதிகம். அதே கை, அதே ஈட்டி, அதே தூரம். ஆனால் 85 புள்ளி வித்தியாசம். அதை எறிதூரத்தால் மட்டும் ஈடுகட்ட வேண்டுமானால் பல மீட்டர் கூடுதலாக எறிய வேண்டியிருக்கும்.

கண்டம் தடகளத்துக்குள் நுழைவது இங்கேதான், கோட்டாவாக அல்ல, புள்ளியாக. தன் கண்டத்தின் சாம்பியன்ஷிப்பில் போட்டி குறைவாக இருக்கும் பிரிவில் ஆடுபவர் அங்கே முதல் சில இடங்களைப் பிடித்து, சராசரியை ஏற்றிக்கொள்வார். உலகத்தில் நாற்பதாவது வேகம் கொண்டவர் தரவரிசையில் இருபத்தைந்தாவது இருப்பதும், இருபத்தைந்தாவது வேகம் கொண்டவர் வெளியே நிற்பதும் இதனால்தான். விவரம் தெரிந்த பயிற்சியாளர்கள் வருடத் தொடக்கத்திலேயே போட்டி அட்டவணையைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருவது இந்தக் கணக்குக்காகத்தான்.

தரவரிசையில் காற்றின் கணக்கும் வேறு. 2.0-க்கு மேல் பின்காற்று அடித்தால் முடிவு முழுக்கச் செல்லாமல் போகாது. ஒவ்வொரு மீட்டருக்கும் 6 புள்ளி கழியும். 2.1 என்றால் 12.6 போய்விடும். எதிர்க்காற்றில் ஓடியவருக்கு அதே வீதத்தில் புள்ளி கூடும். இலக்கு வாசலில் கோட்டைத் தாண்டாத ஓட்டம், இந்த வாசலில் நல்ல பயன் தரலாம்.

எங்கே சறுக்குகிறது? பெரும்பாலும் காகிதத்தில்தான். உலக தடகள அமைப்பின் அட்டவணையில் முன்கூட்டியே பதிவு செய்யப்படாத போட்டியில் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அது இலக்குக்கும் சேராது, தரவரிசைக்கும் சேராது. உள்ளூரில் அவசரமாக ஏற்பாடு செய்த ‘தகுதி ஓட்டம்’ பற்றிச் செய்தி வரும். பிறகு அந்த நேரம் பட்டியலில் தென்படாது. காற்றுமானி வைக்காதது, முடிவுகளைத் தாமதமாக அனுப்புவது இதெல்லாம் இதே வகைதான். ஒரு வீரரின் பெயருக்கு எதிரே எத்தனை போட்டிகள் கணக்கில் வந்திருக்கின்றன என்பதைப் பாருங்கள். ஐந்து தேவைப்படும் பிரிவில் மூன்றுதான் இருக்கிறது என்றால் அவருக்குத் தரவரிசையே இன்னும் இல்லை என்று அர்த்தம்.

களத்தின் அளவு எப்படி நிரம்பும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஈட்டியில் 32 பேர். உதாரணத்துக்கு, 14 பேர் இலக்கை எட்டினார்கள் என்றால் மீதி 18 இடங்கள் தரவரிசை வழியாக. அப்போது பட்டியலை மேலிருந்து கீழாகப் படிப்பார்கள், ஏற்கெனவே மூன்று பேர் உள்ள நாட்டின் நான்காவது ஆளைத் தாண்டிப் போவார்கள். ஜெர்மனியிலோ இந்தியாவிலோ நான்காவது ஆளாக இருப்பவர் உலகத்தில் பதினைந்தாவது இடத்தில் இருந்தாலும் அவருக்கு இடமில்லை. அவருக்குக் கீழே நாற்பதில் இருப்பவருக்கு அந்த இடம் போகலாம். நீங்கள் கேட்ட ‘பின்னால் இருப்பவர் போகிறார்’ என்பதன் மிகச் சாதாரணமான காரணம் இதுதான். யாருமே தகுதி பெறாத சின்ன நாடுகளுக்கு என்று தனியாக ஓர் ஏற்பாடும் உண்டு. தங்கள் சிறந்த வீரர் ஒருவரை 100 மீட்டர் போன்ற சில பிரிவுகளில் இறக்கலாம். 100 மீட்டரில் முதல் சுற்றுக்கு முன்பாக ஒரு பூர்வாங்கச் சுற்று ஓடுவதற்கு அவர்கள்தான் முக்கியக் காரணம்.

இவ்வளவும் தாண்டி வந்த பிறகும் கடைசி வாசலில் நிற்பது நாடுதான். ஒலிம்பிக் சாசனத்தின் 44-ஆவது விதிப்படி, வீரரின் பெயரைக் கொடுக்கும் உரிமை தேசிய ஒலிம்பிக் கமிட்டிக்கு மட்டுமே. அமெரிக்கா தன் தடகள அணியைப் பெரும்பாலும் ஒரே ஒரு தேர்வுப் போட்டியில் முடிவு செய்கிறது. டோக்கியோவில் 800 மீட்டர் தங்கம் வென்ற அதிங் மூ, 2024 ஜூன் தேர்வு ஓட்டத்தின் இறுதியில் கால் இடறி விழுந்தார். பாரிஸில் அவர் அந்த ஓட்டத்தில் இல்லை. நடப்பு ஒலிம்பிக் சாம்பியன் என்பதற்காகத் தனி இடம் எதுவும் கிடையாது. உலக சாம்பியன்ஷிப்பில் நடப்புச் சாம்பியனுக்குச் சலுகை இருப்பதால் இங்கும் உண்டு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

நாடு ஓர் இடத்தை வேண்டாம் என்று சொன்னால் அது காற்றில் கரைந்துவிடாது. கோட்டா விளையாட்டுகளில் பெரும்பாலும் அதே தகுதிச் சுற்றில் அடுத்து நிற்கும், இன்னும் இடம் இல்லாத நாட்டுக்குப் போகும். தடகளத்தில் தரவரிசையின் அடுத்த ஆளுக்கு. 2024 ஜூலை தொடக்கத்தில் ரஷ்ய மல்யுத்த அமைப்பு, நடுநிலை வீரர்களாக வர விடுத்த அழைப்பை ஏற்க மறுத்தது. போட்டி தொடங்கச் சில வாரங்களே இருந்த நிலையில் அந்த இடங்கள் கைமாறின. அதனால் காத்திருப்போர் வரிசையில் முதல் ஓரிரு இடங்களில் இருப்பவர் பெயர்ப் பதிவு முடியும் வரை பயிற்சியை நிறுத்தக் கூடாது. பாரிஸுக்கு அந்தக் கடைசித் தேதி ஜூலை 8 ஆக இருந்தது.